சிபில் பார்க்காத கடனுக்கு முதலில் கட்டணம் எதற்கு?

"சிபில் குறைவா? கவலை வேண்டாம். 100% அப்ரூவல். ஆதார், பான் இருந்தால் போதும்." தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் செல்போன் வைத்திருக்கும் யாருக்கும் இப்படி ஒரு விளம்பரம் ஏதோ ஒரு நாள் வந்திருக்கும். டீக்கடைப் பேச்சில் இதைப் பற்றி இரண்டு விதமான கருத்துகள் உலவுகின்றன. "எல்லாம் ஏமாத்து வேலை, முன்பணம் கேட்டாலே ஃபிராடு" என்பது ஒன்று. "பேங்க்கிலயும்தானே பிராசஸிங் ஃபீ வாங்குறான், இவன் கேட்டா என்ன தப்பு?" என்பது இன்னொன்று. முதல் கருத்து முழுச் சரியில்லை. இரண்டாவது கருத்துதான் ஆளைக் கவிழ்க்கிறது. உண்மையான கடனில் கட்டணம் எந்த இடத்தில், எந்தத் திசையில் நகர்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டிலும் உள்ள பிழை புரிந்துவிடும்.

## பிடித்தம் எங்கே நடக்கிறது

பாலக்கோடு தக்காளி மண்டிக்குச் சரக்கு கொண்டுபோகும் விவசாயிக்கு இது புதிதல்ல. பெட்டிகள் ஏலம் போகும். விற்ற தொகையில் கமிஷனும் இறக்குக் கூலியும் கழித்துக்கொண்டு மீதியைத் துண்டுச்சீட்டோடு கையில் தருவார்கள். "உன் தக்காளிக்கு நல்ல விலை உறுதி, ஆனால் கமிஷனை முதலில் கட்டு, பிறகு ஏலம் விடுகிறேன்" என்று எந்த மண்டிக்காரரும் சொல்லமாட்டார். சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு ராயக்கோட்டைக்குப் போய்விடுவோம்.

தனிநபர் கடனும் இப்படித்தான். கடன் விண்ணப்பத்தைப் பரிசீலித்து, ஆவணம் தயாரித்து, கணக்கைத் திறப்பதற்கு வங்கி வாங்கும் தொகைக்குச் செயலாக்கக் கட்டணம் என்று பெயர். வழக்கில் பிராசஸிங் ஃபீ. இது பெரும்பாலும் கடன் தொகையில் இத்தனை சதவீதம் என்று இருக்கும். அதன்மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. 3 லட்சம் ரூபாய் தனிநபர் கடன், 2% கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 6,000, ஜிஎஸ்டி 1,080. கடன் வாங்குபவர் சம்மதித்து 4,500 ரூபாய்க்கு ஒரு காப்பீடும் எடுக்கிறார். மொத்தம் 11,580 ரூபாய். வங்கி இதைக் கழித்துக்கொண்டு 2,88,420 ரூபாயை அவர் கணக்கில் வரவு வைக்கும். தவணை என்னவோ முழு 3 லட்சத்துக்குத்தான் கணக்கிடப்படும். அதைப் பற்றி வங்கியோடு சண்டை போடலாம், அது வேறு கதை. இங்கே கவனிக்க வேண்டியது, கடன் வாங்குபவர் பையிலிருந்து ஒரு ரூபாய்கூட முன்னதாக வெளியே போகவில்லை என்பதுதான்.

இந்தக் கணக்கு முழுவதையும் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளுக்கு முக்கிய விவர அறிக்கை என்று பெயர். கடன் தொகை, ஆண்டு வட்டி, ஒவ்வொரு கட்டணம், எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் புதிய சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும் இது கட்டாயம். இந்த அறிக்கையில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது.

ஆக, முறையான தனிநபர் கடனில் பணம் கடன் கொடுப்பவரிடமிருந்து நம்மிடம் வருகிறது. கட்டணம் அந்த வரவிலேயே கழிகிறது. என்னென்ன கழியும் என்பது முன்பே தாளில் இருக்கிறது.

## முன்கூட்டியே கட்டும் நியாயமான கட்டணங்களும் உண்டு

"முன்பணம் கேட்டாலே ஃபிராடு" என்பது ஏன் முழுச் சரியில்லை என்று சொல்லிவிட வேண்டும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தால் பல நிறுவனங்கள் லாகின் ஃபீ என்று சில ஆயிரங்களை விண்ணப்பத்தோடு வாங்குகின்றன. பத்திரத்தைப் பார்த்துச் சட்டக் கருத்து தரும் வழக்கறிஞருக்கும், இடத்தைப் பார்த்து மதிப்புப் போடும் பொறியாளருக்கும் நாமே கட்ட வேண்டியிருக்கும். வில்லங்கச் சான்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் உண்டு. நகைக் கடனில் மதிப்பீட்டாளருக்கு ஒரு சிறு தொகை போகும்.

இவற்றை மோசடியிலிருந்து பிரிக்கும் கோடு எது? வீட்டுக் கடன் லாகின் ஃபீ கட்டும்போது அந்த அதிகாரி ஒரு விஷயத்தைச் சொல்வார்: "சார், லோன் ரிஜெக்ட் ஆனாலும் இது திரும்ப வராதுங்க." அந்த வார்த்தையில்தான் எல்லாமே இருக்கிறது. அங்கே நாம் காசு கொடுப்பது பரிசீலிக்கும் வேலைக்கு. முடிவு எந்தப் பக்கமும் போகலாம். மோசடிக்காரரோ கடன் உறுதி என்கிறார், கூடவே பரிசீலனைக் கட்டணமும் கேட்கிறார். பரிசீலிக்காமலே முடிவு எடுத்தாயிற்று என்றால் பரிசீலிக்க எதற்குக் காசு? உத்தரவாதமும் முன்கட்டணமும் ஒன்றாகச் சேர்ந்து வரும் இடத்தில்தான் நிற்க வேண்டும். தனித்தனியாக வந்தால் இரண்டுக்கும் விளக்கம் இருக்கலாம், சேர்ந்து வந்தால் விளக்கமே கிடையாது.

நியாயமான கட்டணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதும் பார்க்க வேண்டியது. வங்கிக் கட்டணம் வங்கியின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும், கிளையிலேயே ரசீது கிடைக்கும். தனியாள் பெயரில் உள்ள யூபிஐ எண்ணுக்குப் போகாது.

## சிபில் குறைந்தவரைத் தேடிப் பிடிப்பது ஏன்

சிபில் மதிப்பெண் என்பது ஒருவர் முன்பு வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினார் என்பதை வைத்து 300 முதல் 900 வரை போடப்படும் எண். சிபில் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர்தான். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்களும் இதே வேலையைச் செய்கின்றன. மகளிர் குழுவுக்கு வந்து வசூலிக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனும் இந்தப் பதிவேடுகளுக்குப் போகிறது. வாரத் தவணை நாலைந்து நின்றுபோனது, டூவீலர் கடனில் வண்டியை ஒப்படைத்துவிட்டு வந்தது, இவை எல்லாம் வருடங்கள் கழித்தும் அங்கே இருக்கும். இதுவரை கடனே வாங்காதவருக்கு மதிப்பெண்ணே இருக்காது. அறிக்கையில் -1 என்று வரும். அது கெட்ட மதிப்பெண் அல்ல, வரலாறு இல்லை என்று பொருள். "உனக்கு சிபில் மைனஸ்ல இருக்கு" என்று போனில் பயமுறுத்துவது இதை வைத்துத்தான்.

இப்போது கடன் கொடுப்பவர் பக்கம் போய் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். மதிப்பெண் குறைந்த 100 பேருக்கு, அடமானம் எதுவும் இல்லாமல், ஆளுக்கு 1 லட்சம் கொடுக்கிறோம். 15 பேர் திரும்பக் கட்டவில்லை என்று வைத்துக்கொண்டால் 15 லட்சம் போயிற்று. மீதி 85 பேரிடம் ஆண்டுக்கு 4% வட்டி வாங்கினால் வருடத்துக்கு அதிகபட்சம் 3 லட்சத்து 40 ஆயிரம். இந்தத் தொழிலை ஒரு வருடம்கூட நடத்த முடியாது. உண்மையில் கடன் கொடுப்பவர் இத்தகையவருக்கு ஒன்று மறுப்பார், அல்லது நகை, வண்டி என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார், அல்லது வட்டியைக் கடுமையாக ஏற்றுவார். கந்துவட்டிக்காரர் சிபில் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் 4% என்று சொல்வது ஆண்டுக்கு இருக்காது.

அடமானம் இல்லை, சிபில் பார்ப்பதில்லை, வட்டி வங்கியைவிடக் குறைவு, கடன் உறுதி. இந்த நான்கையும் ஒருவர் ஒன்றாகத் தர முடிகிறது என்றால் அவர் வருமானம் வட்டியிலிருந்து வரவில்லை என்று பொருள். வருமானம் கட்டணத்திலிருந்து வருகிறது. கடன் கொடுக்கப்போவதே இல்லை என்பதால் வட்டியை 2% என்று சொன்னாலும் அவருக்கு நட்டமில்லை.

மதிப்பெண் குறைந்தவர் அவருக்கு ஏற்ற ஆள். ஏற்கெனவே இரண்டு வங்கி மறுத்திருக்கும். வீட்டில் சொல்லாமல் முயற்சி செய்துகொண்டிருப்பார். கிளைக்குப் போய்க் கேட்டு உறுதிசெய்யக் கூச்சப்படுவார்.

## ஒரு நிகழ்வு, கட்டம் கட்டமாக

கீழே வருவது ஒரே ஆளின் கதையல்ல. இத்தகைய மோசடியில் திரும்பத் திரும்ப வரும் கட்டங்களைக் காரிமங்கலம் பக்கம் சரக்கு வண்டி ஓட்டும் ஒருவருக்கு நடந்ததாகக் கோர்த்திருக்கிறது. தொகைகள் விளக்கத்துக்காக.

வண்டி இன்ஜின் வேலைக்கும் பழைய கைமாற்றுக்கும் அவருக்கு 3 லட்சம் தேவை. விளம்பரத்தைத் தொட்டுப் பெயரும் எண்ணும் கொடுத்தார். அரை மணி நேரத்தில் ஒரு பெண் பேசினார். நல்ல தமிழ், நிதானமான குரல். "அண்ணா, உங்க சிபில் 580தான் காட்டுது. வேற எங்கேயும் கிடைக்காதுங்க. எங்க கம்பெனியில ஸ்பெஷல் ஸ்கீம் இருக்கு, நான் மேனேஜர்கிட்ட பேசிப் பார்க்கிறேன்." 580 என்பது அந்தப் பெண் பார்த்த எண்ணாக இருக்க வேண்டியதில்லை. இந்த விளம்பரத்தைத் தொடுபவர்களிடம் குறைவான எந்த எண்ணைச் சொன்னாலும் நம்புவார்கள்.

ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், ஒரு புகைப்படம் வாட்ஸ்அப்பில் போயின. மறுநாள் ஒப்புதல் கடிதம் வந்தது. மேலே ஒரு பெரிய நிதி நிறுவனத்தின் முத்திரை, கீழே ரிசர்வ் வங்கியின் முத்திரை, நடுவில் அவர் படம். 3,00,000 ரூபாய், 4%, 60 மாதம், தவணை 5,525. தவணைக் கணக்கு சரியாகவே இருக்கும். அதைப் போட இணையத்தில் கால்குலேட்டர் இருக்கிறது. பிழை தொகையில் இருக்காது, முத்திரைகளில் இருக்கும். வங்கியோ நிதி நிறுவனமோ தரும் ஒரு தனியாள் கடனுக்கு ரிசர்வ் வங்கி ஒப்புதல் தருவதில்லை, முத்திரை வைப்பதும் இல்லை.

முதல் கோரிக்கை: ஃபைல் சார்ஜ் 2,500, ஜிஎஸ்டி 450, மொத்தம் 2,950. தொகை சின்னதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இது வருமானத்துக்கு மட்டுமல்ல, ஆட்களைச் சலித்தெடுப்பதற்கும். நூறு பேரிடம் கேட்டால் கட்டுபவர் சிலர்தான். அந்தச் சிலர் நம்புகிறவர்கள், கையில் கொஞ்சம் காசு புரட்டக் கூடியவர்கள் என்று தெரிந்துவிடும். இனி நேரத்தை அவர்களிடம் செலவழித்தால் போதும்.

இரண்டாவது கோரிக்கை: காப்பீடு, 7,500. "சிபில் கம்மியா இருக்கிறதால கம்பெனி இன்சூரன்ஸ் கேக்குதுங்கண்ணா. லோன் கூடவே ரீஃபண்ட் ஆயிடும்." ஓட்டுநர் கேட்டார்: "அந்த லோன்லயே புடிச்சுக்கக் கூடாதாங்க மேடம்?" பதில் தயாராக இருந்தது: "சிஸ்டம்ல ஆப்ஷன் இல்லைங்கண்ணா." இந்தக் கேள்வி சரியான கேள்வி. இதற்கு வரும் எந்தப் பதிலும் தப்பான பதில்தான்.

மூன்றாவது கட்டம்தான் கொஞ்சம் நுட்பமானது. அவருக்கு ஒரு செயலியின் சுட்டி அனுப்பினார்கள். திறந்தால் அவர் பெயரில் ஒரு கணக்கு, அதில் 3,00,000 இருப்பு. பணத்தை எடுக்கும் பொத்தானை அழுத்தினார். "கணக்கு எண் தவறு, தொகை முடக்கப்பட்டது" என்று வந்தது. பார்த்தால் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருக்கிறது. மாற்றியது அவர்கள்தான். ஆனால் போனில் "நீங்கதான் தப்பா குடுத்துட்டீங்க, ரிசர்வ் பேங்க் ஹோல்டு பண்ணிருச்சு, அன்ஃப்ரீஸ் பண்ண 5% டெபாசிட் கட்டணும்" என்கிறார்கள். 15,000 ரூபாய். இங்கே ஆள் மாறிவிடுகிறார்: இதுவரை கடன் கேட்டவர், இப்போது தன் தவற்றால் சிக்கிய தன் பணத்தை மீட்கப் பார்க்கிறார். திரையில் உள்ள 3 லட்சம் வெறும் எழுத்து, வேறெதுவும் இல்லை. பொதுமக்களின் கணக்கு எதையும் ரிசர்வ் வங்கி வைத்திருப்பதில்லை; அவர்களின் கடனை முடக்கி விடுவிக்கப் பணம் வாங்கும் வேலையும் அதற்கில்லை.

நான்காவது: டிடிஎஸ் 3%, 9,000 ரூபாய். டிடிஎஸ் என்பது வருமானத்தில் முன்கூட்டியே பிடிக்கும் வரி. கடன் என்பது வருமானம் அல்ல. கடன் தொகை கைக்கு வருவதற்கு டிடிஎஸ் கிடையாது. கடன் அசலின் மேல் ஜிஎஸ்டியும் கிடையாது. அது செயலாக்கக் கட்டணத்தின் மேல் மட்டும்தான்.

இதுவரை அவர் கட்டியது 34,450 ரூபாய். கடைசி இரண்டு தொகையும் மனைவியின் தோட்டை அடகு வைத்து வந்தவை.

## ஏன் நிறுத்த முடிவதில்லை

வெளியிலிருந்து பார்ப்பவர் "2,950 கட்டினப்பவே தெரிய வேண்டாமா?" என்பார். உள்ளே இருப்பவருக்குக் கணக்கு வேறு மாதிரித் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் கேட்கும் தொகை, வரப்போகும் 3 லட்சத்தோடு ஒப்பிட்டால் சிறியது. நிறுத்தினால் ஏற்கெனவே கட்டியது போய்விடும் என்பது உறுதி. கட்டினால் எல்லாமே வந்துவிடும் என்று ஒரு வாய்ப்பு தெரிகிறது. எல்லாமே திரும்பக் கிடைக்கும் என்று சொல்வதும் அதற்காகவே. அதனால் படிப்பறிவை வைத்து இதை அளக்க முடியாது. ஓசூரில் நல்ல சம்பளம் வாங்குபவரும் இதே இடத்தில்தான் விழுகிறார்.

நடைமுறையில் ஒரே ஒரு உடைக்கும் இடம் இருக்கிறது: இரண்டாவது கோரிக்கை. முதல் கட்டணம் கட்டிய பிறகு, ஒப்புதல் கடிதத்தில் இல்லாத இன்னொரு தொகையைக் கேட்டால், அது எவ்வளவு சிறியதானாலும், அங்கே வெட்டிக்கொண்டால் நட்டம் சில ஆயிரத்தோடு நிற்கும்.

## காப்பீடு என்ற சொல்லின் பின்னால்

கடனோடு காப்பீடு என்பது நிஜத்தில் உள்ளதுதான். கடன் வாங்கியவர் இறந்துபோனாலோ, திட்டத்தைப் பொறுத்து நிரந்தரமாக முடங்கிப்போனாலோ, மீதிக் கடனைக் காப்பீட்டு நிறுவனம் கட்டும். இதைக் கடன் காப்பீடு என்கிறார்கள். குடும்பத்துக்கு இது உதவக் கூடியது, சில நேரம் தேவையில்லாமல் தலையில் கட்டப்படுவதும் உண்டு. மோசடிக் காப்பீட்டை இதோடு வைத்துப் பார்த்தால் இரண்டு இடத்தில் இடிக்கும்.

ஒன்று, காப்பீடு தொடங்கும் நேரம். கடன் கைக்கு வந்த பிறகுதான் கட்ட வேண்டிய பாக்கி என்று ஒன்று உருவாகிறது. இன்னும் கொடுக்காத கடனில் காப்பாற்ற எதுவும் இல்லை. அதனால்தான் உண்மையான பிரீமியம் கடன் தொகையில் கழிக்கப்பட்டு, கடனோடு சேர்ந்தே தொடங்குகிறது.

இரண்டு, காப்பீடு எதற்கு. சிபில் குறைவாக இருக்கிறது, கட்டாமல் விட்டுவிடுவார் என்ற பயத்துக்கு இந்தக் காப்பீடு பணம் தராது. மரணம், உடல் முடக்கம் போன்றவற்றுக்குத்தான். ஆகவே "உங்க சிபில் கம்மி, அதனால இன்சூரன்ஸ்" என்ற வாக்கியமே பொருந்தவில்லை.

யாராவது காப்பீட்டுப் பத்திரம் என்று ஒன்றை அனுப்பினால் அதில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் இருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள உதவி எண்ணுக்கு அழைத்தால், அப்படி ஒரு பாலிசி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். கடிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்தால், அதே பெண்மணிதான் எடுப்பார்.

## பெயர் உண்மை, ஆள் பொய்

"ரிசர்வ் வங்கிப் பட்டியலில் இருக்கா பாரு" என்று அறிவுரை சொல்வது வழக்கம். நல்ல அறிவுரைதான், ஆனால் பாதிதான் பயன்படும். மோசடிக்காரர் புதுப் பெயர் கண்டுபிடிப்பதில்லை. பட்டியலில் உள்ள நிறுவனத்தின் பெயரையே எடுத்துக்கொள்கிறார். பெயரைத் தேடினால் இருக்கும், நாமும் நிம்மதியாகிவிடுவோம். சரிபார்க்க வேண்டியது அந்த நிறுவனம் இருக்கிறதா என்று அல்ல, பேசுகிற ஆள் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவரா என்று. அதற்கு நிறுவனத்தின் இணையதளத்தை நாமே தட்டச்சு செய்து திறந்து, அங்குள்ள எண்ணில் கேட்க வேண்டும். வங்கிகள் இப்போது `.bank.in` என்று முடியும் முகவரிக்கு மாறியிருக்கின்றன. நிறுவனத்துக்குத் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கிளை இருந்தால் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரில் போவது இன்னும் எளிது. ஐந்து நிமிட வேலை.

செயலி வழியாகக் கடன் என்றால் ரிசர்வ் வங்கியின் எண்ணியல் கடன் விதிகள் இரண்டு விஷயத்தைச் சொல்கின்றன. கடன் தொகை இடையில் யார் கணக்குக்கும் போகாமல் நேராகக் கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். கடன் பிடித்துத் தரும் இடைத்தரகருக்குரிய கூலியைக் கடன் கொடுக்கும் நிறுவனம்தான் தர வேண்டும். கடன் வாங்குபவரிடம் அந்தத் தரகர் வாங்கக் கூடாது.

அரசுத் திட்டத்தின் பெயரில் வருவதும் இதே சரக்கு. பிரதமரின் முத்ரா திட்டத்தில் 10 லட்சம் ஒப்புதல், சரிபார்ப்புக் கட்டணம் 4,500 கட்டுங்கள் என்று வந்த கடிதத்தைப் போலி என்று மத்திய அரசின் பிஐபி உண்மை கண்டறியும் பிரிவு அறிவித்திருக்கிறது. முத்ரா நிறுவனம் தனியாளுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதே இல்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுக்கின்றன, விண்ணப்பம் அங்கேதான். முகவர் யாரும் கிடையாது.

## கட்டிய பிறகு: முதல் சில மணி நேரம்

பணம் போய்ச் சேரும் கணக்கு மோசடிக்காரர் பெயரில் இருக்காது. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவருடையது. இதைக் கூலிக் கணக்கு என்று சொல்லலாம். அங்கிருந்து பணம் நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து, எங்கோ ஒரு ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியேறிவிடும். ரொக்கமான பிறகு பிடிப்பது கடினம். கணக்குகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்த முடியும். 1930 என்ற உதவி எண் இருப்பது இதற்காக. புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போய், அங்கே மிச்சமிருக்கும் தொகையை முடக்குவார்கள்.

அழைக்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது: பணம் போன நேரம், தொகை, நம் வங்கிக் கணக்கு எண், எந்த யூபிஐ எண்ணுக்குப் போனது, பரிவர்த்தனையின் 12 இலக்க எண். இந்தக் கடைசி எண் யூபிஐ செயலியில் அந்தப் பணப்பரிமாற்றத்தைத் தொட்டுத் திறந்தால் கிடைக்கும். நான்கு முறை கட்டியிருந்தால் நான்கு எண்களும் வேண்டும். கடைசியில் கட்டியதை முதலில் சொல்லுங்கள். பிடிபட வாய்ப்புள்ளது அதுதான். பிறகு `cybercrime.gov.in` தளத்தில் கடிதம், வாட்ஸ்அப் பேச்சு, செயலித் திரை ஆகியவற்றின் படங்களோடு புகாரை முழுமையாக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போகலாம். வாட்ஸ்அப் உரையாடலைக் கோபத்தில் அழித்துவிடுவது பலர் செய்யும் வேலை. அதுதான் சாட்சியம்.

வங்கியிடம் எதிர்பார்ப்பதில் ஒரு வரம்பு உண்டு. நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்ற விதியைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இங்கே நாமே பின் போட்டு அனுப்பியிருப்பதால் அந்த விதியைக் காட்டிப் பணத்தைக் கேட்க முடியாது. முடக்கப்பட்ட தொகைதான் நம்பிக்கை. அதுவும் உடனே திரும்பாது, மாதங்கள் ஆகலாம்.

## மிரட்டலும் இரண்டாவது வலையும்

நம் ஓட்டுநர் ஐந்தாவது முறை கட்ட மறுத்தபோது குரல் மாறியது. "லோன் உங்க பேர்ல சாங்ஷன் ஆயிருச்சு. கேன்சல் பண்ண 6,000 கட்டுங்க, இல்லேன்னா மாசாமாசம் இ.எம்.ஐ. ஓடும், கேஸ் போடுவோம்." பிறகு வேறு எண்ணிலிருந்து "இன்ஸ்பெக்டர்" ஒருவர் பேசினார். கைக்கு வராத கடனுக்குத் தவணை கிடையாது. வராத பணத்தைக் கட்டவில்லை என்று யாரும் வழக்குப் போட முடியாது. எண்ணைத் தடை செய்து, அதை `sancharsaathi.gov.in` தளத்தின் சக்ஷு பகுதியில் பதிவு செய்தால் போதும்.

ஓரிரு வாரம் கழித்து இன்னொரு அழைப்பு வரக்கூடும்: "உங்க பணத்தை மீட்டுத் தரோம், ஃபீ 3,000." ஒருமுறை கட்டியவரின் எண்ணுக்கு இந்தச் சந்தையில் விலை உண்டு. பல நேரம் இவரும் பழைய மோசடிக்காரரின் ஆள்தான்.

போன பணத்தைவிட நீண்ட நாள் கவனிக்க வேண்டியது கொடுத்த ஆவணங்களை. ஆதாரும் பானும் புகைப்படமும் அவர்களிடம் இருக்கின்றன. ஆதார் செயலியில் கைரேகைப் பூட்டைப் போட்டுவைக்கலாம். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அன்றே கிளைக்குப் போய் அந்தக் காசோலை எண்ணுக்குப் பணம் தர வேண்டாம் என்று எழுதித் தர வேண்டும். ஓடிபி எதையாவது சொல்லியிருந்தால் அதையும் வங்கியிடம் சொல்லிவிட வேண்டும்.

நான்கு கடன் பதிவேட்டு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று எடுத்தால் வருடம் முழுவதும் கண்காணித்ததாக ஆகும். நாம் வாங்காத கடனோ, நாம் விண்ணப்பிக்காத நிறுவனம் நம் பதிவைப் பார்த்த குறிப்போ அதில் இருந்தால் அந்தத் தளத்திலேயே மறுப்பு பதிவு செய்யலாம். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதே அறிக்கையில், கட்டி முடித்த பழைய டூவீலர் கடன் இன்னும் பாக்கி என்று நிற்கிறதா, குழுக் கடனில் முழுத் தொகையும் கட்டிய பிறகும், குறைத்துக் கட்டி முடித்ததைக் குறிக்கும் "செட்டில்டு" என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மதிப்பெண் குறைந்ததற்கு அதுவே காரணமாக இருந்தால், திருத்தக் காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை.